ஐந்து பெயர்களில் ஒளிந்திருந்த ஒரே கிருமி

மருத்துவமனையில் தொற்றுக் கண்காணிப்பு என்பது பல இடங்களில் ஓர் எக்செல் கோப்புதான். ஆய்வகத்தில் ஒரு சாம்பிளில் கிருமி வளர்ந்தால் அந்தக் கோப்பில் ஒரு வரி கூடும். நோயாளியின் எண், வார்டு, சாம்பிள் எடுத்த நாள், வளர்ந்த கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும். இதை லைன் லிஸ்ட் என்பார்கள். மாதக் கடைசியில் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் இதை எண்ணி, கமிட்டிக் கூட்டத்துக்கு ஒரு அறிக்கை தயாரிப்பார். எண்ணிக்கையில் தவறே இருக்காது. ஆனாலும் ஒரே கிருமி ஐந்து பேரைத் தொட்டிருந்தால், அது அறிக்கையில் தெரியாமலே போய்விடலாம்.

எப்படிப் போகிறது என்று காட்ட ஒரு சிறு பட்டியலை எடுத்துக்கொள்வோம். விளக்குவதற்காக நான் கட்டிய பட்டியல் இது. எண்கள் என் கற்பனை. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு கோளாறும் உண்மையான கோப்புகளில் தினமும் வருவது. எல்லாம் 2024 மார்ச் மாதத்து பிளட் கல்ச்சர்கள். முதலில் இருப்பது ஆய்வக எண். மருந்து முடிவுகளை இங்கே காட்டவில்லை.

```
611  10231    MICU         04/03/2024  Pseudomonas sp.
648  10231    M.ICU        06/03/2024  Burkholderia cepacia
702  0010388  Medical ICU  09-03-24    B. cepacia complex
739  10412    Dialysis     11/03/2024  NFGNB
751  10467    MICU         3/12/2024   Pseudomonas sp.
803  10388    Ward 5       15.03.2024  Burkholderia cepacia
866  10519    Surg Ward    19/03/2024  Burkholderia cepcia
902  10540    micu         21/03/2024  Pseudomonas aeruginosa
```

இதை அப்படியே வைத்து பிவட் டேபிள் போட்டால் எல்லாக் கட்டத்திலும் 1, 1, 1 என்றுதான் வரும். ஒரே ஒரு கட்டத்தில் 2 வரும். அது `MICU`-வில் `Pseudomonas sp.`; அதுவும் ஒன்று மார்ச்சில், மற்றது டிசம்பரில். பார்ப்பவர் யாரும் திடுக்கிட மாட்டார்.

வேலையை நோயாளி எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். 0010388, 10388 இரண்டும் ஒருவரே. ஆய்வக மென்பொருள் முன்னால் பூஜ்யங்களோடு எழுதும். எக்செல் அதை எண்ணாக நினைத்து பூஜ்யங்களை உதிர்த்துவிடும். பூஜ்யத்தை நீக்கி இணைக்கும் முன் வயது, பாலினம், சேர்ந்த தேதி ஆகியவை பொருந்துகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வெளிநோயாளிக்கும் உள்நோயாளிக்கும் தனித்தனி எண் வரிசை வைத்திருக்கும் இடங்களில் இருவேறு ஆட்கள் ஒருவராகிவிடக்கூடும்.

அடுத்தது தேதி. 751-ஆம் வரியில் `3/12/2024` என்று இருக்கிறது. நாளை முன்னால் எழுதும் நம் வழக்கப்படி அது டிசம்பர் 3. ஆனால் கோப்பு எடுக்கப்பட்டது மார்ச் கடைசியில். வராத தேதியில் சாம்பிள் எடுத்திருக்க முடியாது என்பதால் இது சுலபமாகப் பிடிபடும். அது மார்ச் 12. கஷ்டமானது பிடிபடாத தேதிகள்தான். அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினியில் இந்தக் கோப்பைத் திறந்தால், `04/03/2024` சத்தமில்லாமல் ஏப்ரல் 3 ஆகிவிடும். `19/03/2024` மட்டும் மாறாது. 19-வது மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகவே தேதிப் பத்தியில் சில கட்டங்கள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால், இடப்பக்கம் உள்ளவை சரியான தேதிகள், வலப்பக்கம் உள்ளவற்றில் பல தலைகீழானவை என்று சந்தேகிக்கலாம். 12-ஆம் தேதிக்குப் பிந்தைய நாட்கள் மட்டும் எழுத்தாக நிற்பதுதான் இதற்கு அடையாளம்.

இங்கே ஆய்வக எண் பெரிய துணை. சாம்பிள்கள் வர வர எண் ஏறிக்கொண்டே போகும். பட்டியலை ஆய்வக எண்ணின்படி வரிசைப்படுத்தினால் தேதியும் கூடவே ஏற வேண்டும். எங்கே சட்டென்று ஒரு மாதம் குதித்துத் திரும்புகிறதோ அங்கே நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறது. எந்தத் தேதியை எடுப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். சாம்பிள் எடுத்த நாள்தான் வேண்டும். ரிப்போர்ட் வந்த நாளை எடுத்தால், கிருமி மெதுவாக வளர்ந்த நோயாளியும் விடுமுறையில் தேங்கிய ரிப்போர்ட்டும், ஒரே கிருமியால் அடுத்தடுத்து வரும் தொற்றுகளின் கொத்தைக் கலைத்துவிடும். சில சமயம் இல்லாத கொத்தை உண்டாக்கியும் விடும்.

சரி, இனி கிருமியின் பெயர். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான், செலவிட வேண்டியதும் இங்கேதான்.

பர்க்ஹோல்டேரியா செபேசியா என்பது ஈரத்தில் வாழும் கிருமி. 1950-ல் வால்டர் பர்க்ஹோல்டர் என்ற தாவர நோயியல் அறிஞர் இதை வெங்காய அழுகலிலிருந்து விவரித்தார். செபேசியா என்ற பெயரே வெங்காயத்திலிருந்து வந்தது. அப்போது இதை சூடோமோனாஸ் இனத்தில் சேர்த்திருந்தார்கள். 1992-ல்தான் தனி இனமாகப் பிரித்து, கண்டறிந்தவரின் பெயரைச் சூட்டினார்கள். சத்து மிகக் குறைந்த தண்ணீரிலும் இது பெருகும். சில கிருமிநாசினிக் கரைசல்களுக்குள்ளேயே உயிரோடு இருக்கும். அதனால் ஐசியுவில் இது ரத்தத்தில் வந்தால், கை வழியாகப் பரவியதா என்று கேட்பதோடு, ஏதோ ஒரு திரவத்தில் இது இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். 1980-ல் நியூயார்க்கில் பல நோயாளிகளின் பிளட் கல்ச்சரில் இது வளர்ந்தபோது, மூலம் தோலைத் துடைக்கும் போவிடோன் அயோடின் கரைசல் என்று தெரியவந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் கிருமி இருக்கவில்லை. துடைத்த கரைசலிலிருந்து சாம்பிளுக்குள் போயிருந்தது. 2016-ல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் பரவியபோது, மலமிளக்கியாக வாய்வழி கொடுக்கும் டோகுசேட் திரவ மருந்து மூலமாக இருந்தது.

இப்போது நம் பட்டியலுக்கு வருவோம். `Burkholderia cepacia`, `B. cepacia complex`, எழுத்துப் பிழையோடு `Burkholderia cepcia` ஆகிய மூன்றையும் ஒன்றாக எண்ணுவதில் சிக்கல் இல்லை. `Pseudomonas sp.`, `NFGNB` என்ற இரண்டும்தான் யோசிக்க வைப்பவை. பின்னது குளுக்கோஸைப் புளிக்கவைக்காத கிராம் நெகடிவ் கிருமி என்பதன் சுருக்கம். இரண்டுமே, இன்னதென்று முடிவாகச் சொல்ல முடியாதபோது ஆய்வகம் எழுதிவைக்கும் பொதுப் பெயர்கள். செபேசியா இந்தப் பெயர்களின் கீழ் மறைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மறைந்திருக்கிறதா என்று பார்க்க அதே வரியிலேயே வழி இருக்கிறது. மருந்து முடிவுகளைப் பாருங்கள். செபேசியா இயல்பாகவே கொலிஸ்டினுக்குக் கட்டுப்படாது; கோட்ரைமாக்சசோலுக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். சூடோமோனாஸ் ஏருஜினோசா இதற்கு நேர் எதிர்: கோட்ரைமாக்சசோலுக்கு இயல்பிலேயே கட்டுப்படாது, கொலிஸ்டினுக்குப் பெரும்பாலும் எதிர்ப்புக் காட்டாது. ஆகவே `Pseudomonas sp.` என்று எழுதப்பட்ட வரியில் கொலிஸ்டின் தோற்று, கோட்ரைமாக்சசோல் வேலை செய்திருந்தால், அந்தப் பெயரைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டெனோட்ரோபோமோனாஸ் என்ற இன்னொரு கிருமியும் கோட்ரைமாக்சசோலுக்குக் கட்டுப்படுவதால் மெரோபெனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டெனோட்ரோபோமோனாஸ் மெரோபெனத்துக்கு இயல்பாகவே கட்டுப்படாது. ஒரு எச்சரிக்கை: கொலிஸ்டினை டிஸ்க் வைத்துப் பார்த்திருந்தால் அந்த முடிவை நம்பாதீர்கள். அந்த மருந்து அகாரில் சரியாகப் பரவாது.

நம் உதாரணத்தில் 611, 739, 751 மூன்றிலும் கொலிஸ்டின் எதிர்ப்பு, கோட்ரைமாக்சசோலும் மெரோபெனமும் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 611-க்கு இன்னொரு சாட்சியும் உண்டு: அதே நோயாளிக்கு இரண்டு நாள் கழித்து செபேசியா என்றே ரிப்போர்ட் வந்திருக்கிறது. 902-ல் ஏருஜினோசா என்று முழுப்பெயரும் அதற்குரிய மருந்து வடிவமும் இருக்கின்றன. அது இந்தக் கதையில் சேராது.

இதற்காக `Pseudomonas sp.` என்பதை அழித்துவிட்டு மேலேயே செபேசியா என்று எழுதிவிடக்கூடாது. ஆய்வகம் தந்த பெயர் ஒரு பத்தியில் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் புதிய பெயருக்கு ஒரு பத்தி, உறுதியா சந்தேகமா என்பதற்கு இன்னொரு பத்தி. மருந்து வடிவத்தை வைத்து நாம் சொல்வது ஊகம்தான். அதை உறுதி செய்ய ஆய்வகம் அந்தக் கிருமியை மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

பெயர் மாற்றத்தை ஓர் அட்டவணையில் வைத்துச் செய்வது நல்லது. இடப்பக்கம் கோப்பில் வந்த எழுத்து, எல்லாம் சிறிய எழுத்துகளில்; வலப்பக்கம் நாம் வைக்கும் பெயர். பைத்தானில் என்றால் இவ்வளவுதான்:

```python
import pandas as pd
df = pd.read_csv("linelist.csv", dtype=str)
df["id"]   = df["id_raw"].str.strip().str.lstrip("0")
df["org"]  = df["org_raw"].str.strip().str.lower().map(org_map)
df["ward"] = df["ward_raw"].str.strip().str.lower().map(ward_map)
print(df.loc[df["org"].isna(), "org_raw"].value_counts())
```

`dtype=str` என்பதை விட்டுவிட வேண்டாம். நோயாளி எண் போன்றவற்றை நிரல் தானாக ஊகித்து மாற்றாமல் தடுப்பது அதுதான். கடைசி வரி, அட்டவணையில் இல்லாத பெயர்களை வெளியே காட்டுகிறது. புதிதாக ஒரு எழுத்துப் பிழை வந்தால் இங்கே தெரிந்துவிடும். இந்த வரி எதையாவது காட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் அடுத்த படிக்குப் போகக்கூடாது. பொதுப் பெயர்களை மட்டும் இந்த அட்டவணையில் வேறு பெயருக்கு மாற்றாமல் தாங்களாகவே இருக்கும்படி வைத்து, மருந்து முடிவைப் பார்த்துத் தனியே தீர்மானிக்க வேண்டும். எல்லா `NFGNB`-யும் செபேசியா ஆகிவிட முடியாது.

பெயர்கள் முடிந்த பிறகே ஒரே நோயாளியின் மறுபதிவுகளை நீக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லாம் கெடும். பெயரைச் சரிசெய்யும் முன் நீக்கினால் 10231-க்கு ஒரு சூடோமோனாஸ், ஒரு செபேசியா என்று இரண்டு தொற்றுகள் நிற்கும். எண்ணைச் சரிசெய்யும் முன் நீக்கினால் 10388 இரண்டு ஆட்களாக நிற்பார். நான் வைத்துக்கொள்ளும் வழி, அதே நோயாளி, அதே கிருமி, முந்தைய சாம்பிளிலிருந்து 14 நாளுக்குள் என்றால் முதல் சாம்பிளை மட்டும் எண்ணுவது. கீழே `date` என்பது மேலே சொன்னபடி சரிசெய்து `pd.to_datetime` கொண்டு தேதியாக மாற்றிய பத்தி; `org` என்பது பொதுப் பெயர்களையும் தீர்மானித்த பிறகு நிற்கும் பெயர்.

```python
df = df.sort_values(["id", "org", "date"])
gap = df.groupby(["id", "org"])["date"].diff().dt.days
first = df[gap.isna() | (gap > 14)]
```

எக்செல்லில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறுபதிவு நீக்கும் கட்டளை மேலே இருக்கும் வரியை வைத்துக்கொண்டு கீழே இருப்பதை அழிக்கும். புதிய தேதி மேலே வரும்படி பட்டியலை அடுக்கியிருந்தால் 10388-க்கு மிஞ்சுவது 15-ஆம் தேதி, `Ward 5`. அவருக்குத் தொற்று தெரிந்ததோ 9-ஆம் தேதி, மெடிக்கல் ஐசியுவில். ஒரே கட்டளையில் ஆளும் வார்டு மாறிவிடுகிறார், நாளும் மாறிவிடுகிறது.

வார்டுப் பத்தியில் எழுத்து வேறுபாடுகளைச் சரிசெய்வது எளிது. `MICU`, `M.ICU`, `micu`, `Medical ICU` எல்லாம் ஒன்று. எளிதல்லாதது, அந்த வார்டு எந்த நேரத்து வார்டு என்பது. கோப்பில் வருவது சாம்பிள் எடுத்தபோது நோயாளி இருந்த இடம். சில மென்பொருள்களில் ரிப்போர்ட் அச்சானபோது இருந்த இடம். 10519 என்ற நோயாளி 19-ஆம் தேதி சர்ஜிக்கல் வார்டில் இருந்தார். அட்மிஷன் பதிவேட்டைப் பார்த்தால் 13 முதல் 18 வரை மெடிக்கல் ஐசியுவில் இருந்து, 18-ஆம் தேதிதான் வார்டுக்கு மாறியிருக்கிறார். அமெரிக்க சிடிசியின் தொற்றுக் கண்காணிப்பு விதிகளில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள்: இடம் மாறிய நாளிலோ அதற்கு அடுத்த நாளிலோ தொற்று தெரிந்தால், அதை முந்தைய இடத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும். அதன்படி இவர் ஐசியுவின் கணக்கு. இந்த ஒரு வரிக்காகப் பதிவேட்டைப் புரட்டுவது சோர்வாகத்தான் இருக்கும். ஆனால் புரட்டாமல் விட்டால் கொத்து ஒரு ஆளை இழக்கும்.

இப்போது அட்டவணை இப்படி வருகிறது. வாரம் திங்களில் தொடங்குகிறது.

| செபேசியா, உறுதியும் சந்தேகமும் | மார்ச் 4–10 | மார்ச் 11–17 | மார்ச் 18–24 |
|---|---|---|---|
| மெடிக்கல் ஐசியு | 2 | 1 | 1 |
| டயாலிசிஸ் | 0 | 1 | 0 |

எட்டு வரிகளில் 902 போக மீதி ஏழும் ஐந்து நோயாளிகளாகியிருக்கின்றன. அவர்களில் மூவர் உறுதி, இருவர் சந்தேகம். நால்வர் ஒரே ஐசியு. முதல் சாம்பிளுக்கும் கடைசிச் சாம்பிளுக்கும் இடையே 15 நாள். ஆனாலும் எந்தக் கட்டத்திலும் 2-க்கு மேல் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாரம் என்பது நாம் போட்ட கோடு. கிருமிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அரிதான கிருமிக்குக் கட்டங்களை நம்பாமல், நோயாளிக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம் என்று வரைந்து, யார் எந்த நாளில் எங்கே இருந்தார் என்று நிறம் தீட்டிப் பார்ப்பதே நல்லது. ஐந்து பேருக்கு ஒரு தாள் போதும்.

ஐந்து என்பது அதிகமா? முந்தைய 12 மாதத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய கோப்புகளில் செபேசியா என்று தேடினால் பூஜ்யம் வரலாம். அப்போது இந்த ஐந்து பெரிய வெடிப்பாகத் தெரியும். ஒருவேளை ஆய்வகம் பிப்ரவரியில்தான் கிருமியைத் துல்லியமாக அடையாளம் காணும் புதிய கருவி வாங்கியிருக்கும். அதற்கு முன் வந்தவை எல்லாம் `NFGNB` என்ற பெயரில் உறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே பழைய மாதங்களையும் இதே பெயர் அட்டவணை, இதே 14 நாள் விதி, இதே மருந்து வடிவச் சோதனை கொண்டு சுத்தம் செய்த பிறகே ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தும் மாதத்துக்கு ஒன்றுகூட வரவில்லை என்றால், இந்த ஐந்தை நம்பலாம். கிருமிகளும் வார்டுகளும் நிறைய இருக்கும் பெரிய மருத்துவமனையில் இந்த ஒப்பீட்டைக் கையால் செய்து மாளாது. உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து உருவான, இலவசமாகக் கிடைக்கும் ஹூநெட் மென்பொருளில் சாட்ஸ்கேன் என்ற புள்ளியியல் முறை இதற்கென்றே இணைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்குள் போகும் பெயர்கள் கலைந்திருந்தால் அதாலும் எதுவும் செய்ய முடியாது.

டயாலிசிஸ் நோயாளி 10412-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் வெளிநோயாளி. வாரத்தில் சில நாள் வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர். ஐசியுவில் அவர் கால் வைத்ததே இல்லை. மருத்துவமனைத் தொற்றைக் கணக்கிடும்போது வழக்கமாக ஒரு வடிகட்டி போடுவார்கள்: அட்மிஷன் நாளை 1 என்று எண்ணி, 3-ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ தெரிந்த தொற்று மட்டும் மருத்துவமனையில் வந்தது. அதைப் போட்டால் இவர் முதலிலேயே வெளியே போய்விடுவார். ஆயிரம் படுக்கை நாளுக்கு எத்தனை தொற்று என்று விகிதம் சொல்ல அந்த வடிகட்டி சரி. கொத்தைத் தேடும்போது அதைப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் ஐந்து பேரில் அதிகம் சொல்லக்கூடியவர் இவர்தான். மற்ற நால்வரும் ஒரே அறையில் இருந்ததால் செவிலியரின் கை, வென்டிலேட்டர், கைகழுவும் தொட்டி என்று எதையும் சந்தேகிக்கலாம். இவரைச் சேர்த்ததும் கேள்வி சுருங்கிவிடுகிறது: ஐசியுவுக்கும் டயாலிசிஸுக்கும் பொதுவாகப் போவது எது? பெரும்பாலும் அது ஒரு பாட்டிலாக இருக்கும். ஊசி செருகியபடியே வைத்துப் பலருக்கு எடுக்கும் சலைன், மருந்து கலக்கும் டிஸ்டில்டு வாட்டர், தோலைத் துடைக்கும் கரைசல், அல்ட்ராசவுண்டு ஜெல்.

ஆனால் இவரே இரண்டு சந்தேக நோயாளிகளில் ஒருவர். அவருடைய `NFGNB` செபேசியாவாக இல்லாமல் போனால் இந்த வாதம் முழுக்கச் சரிந்துவிடும். ஆகவே அட்டவணை முடிந்த அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை ஆய்வகத்துக்கு ஒரு போன். 739, 751 இரண்டையும் மறுபடி அடையாளம் காணச் சொல்ல வேண்டும். ஐந்து பேரின் கிருமிகளையும் எறியாமல் உறைநிலையில் எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். வழக்கமான கல்ச்சர் தட்டுகள் சில நாளில் குப்பைக்குப் போய்விடும். போய்விட்டால் ஐந்தும் ஒரே வம்சமா என்று மரபணு வரிசையைப் பார்த்துச் சொல்ல வழியே இருக்காது.

அதே நாளில் இரண்டு இடத்திலிருந்தும் பாட்டில்களை எடுத்துவைக்க வேண்டும். திறந்தவற்றோடு, அதே பேட்ச் எண்ணில் திறக்காதவையும் வேண்டும். திறந்த பாட்டிலில் மட்டும் செபேசியா வளர்ந்தால் அது நம் வார்டில் போனது. பாட்டிலைக் கையாளும் முறையை மாற்ற வேண்டும். திறக்காத பாட்டிலிலும் வளர்ந்தால் அது தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அந்த பேட்ச் முழுவதையும் நிறுத்திவைத்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தோடு இணைத்து அனுப்ப வேண்டியது இந்த இரண்டு வரி அட்டவணையும், மாற்றாமல் விட்ட பழைய பெயர்ப் பத்தியோடு கூடிய எட்டு வரிகளும்.